வெற்றிடத்தில் மின்புலத்தின் அலைச் சமன்பாடு: நான்கு விதிகளிலிருந்து

போன வாரத் தேர்வில் இந்தக் கேள்வியை 41 பேர் எழுதியிருந்தீர்கள். கடைசி வரி எல்லாத் தாளிலும் சரியாக இருந்தது. நடு வரிகளில்தான் சிக்கல். "முற்றொருமைப்படி" என்று எழுதிவிட்டு ஒரே தாவலில் விடைக்குப் போனவர்கள் பாதிக்கு மேல். அதனால் எதையும் தாண்டாமல் முழுவதையும் இங்கே எழுதித் தருகிறேன். படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்த விதி எந்த வரியில் வேலை செய்கிறது?

முதலில் நான்கு விதிகள். மின்னூட்ட அடர்த்தி ρ, மின்னோட்ட அடர்த்தி J.

∇·E = ρ/ε₀
∇·B = 0
∇×E = −∂B/∂t
∇×B = μ₀J + μ₀ε₀ ∂E/∂t

வரிசையாக மின்புலத்துக்கான காஸ் விதி, காந்தப்புலத்துக்கான காஸ் விதி, ஃபாரடே விதி, ஆம்பியர்–மேக்ஸ்வெல் விதி. மேக்ஸ்வெல் 1865-இல் வெளியிட்ட கட்டுரையில் இவை இந்த வடிவத்தில் இல்லை. அங்கே சமன்பாடுகள் கூறு கூறாக நீண்டு கிடக்கும். வெக்டர் மொழியில் நான்கு வரிகளாகச் சுருக்கியதில் பெரும்பங்கு 1880-களில் ஹெவிசைடு செய்த வேலை. நம் பக்கத்தைச் சின்னதாக்கியவர் அவர்தான்.

நமக்கு வேண்டியது வெற்றிடம். அங்கே மின்னூட்டமும் இல்லை, மின்னோட்டமும் இல்லை: ρ = 0, J = 0. எனவே

∇·E = 0  (1)
∇·B = 0  (2)
∇×E = −∂B/∂t  (3)
∇×B = μ₀ε₀ ∂E/∂t  (4)

(3), (4) இரண்டையும் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒவ்வொன்றிலும் E, B இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. B மாறினால் E சுழல்கிறது, E மாறினால் B சுழல்கிறது. E-க்கு மட்டுமான சமன்பாடு வேண்டுமென்றால் B-ஐ வெளியேற்ற வேண்டும். இரண்டு தெரியாத எண்கள் கொண்ட ஒருங்கமைச் சமன்பாடுகளில் ஒன்றை நீக்குவோமே, அதே வேலைதான். ஆனால் இங்கே பெருக்கிக் கழித்தால் நடக்காது. (3)-இல் B-யின் கால வகைக்கெழு இருக்கிறது, (4)-இல் B-யின் கர்ல் இருக்கிறது. (3)-க்கு இன்னொரு கர்ல் எடுத்தால் அங்கேயும் B-யின் கர்ல் வந்துவிடும், அப்புறம் (4)-ஐ அப்படியே உள்ளே வைக்கலாம். கர்ல் எடுப்பதற்குக் காரணம் இவ்வளவுதான். மனப்பாடமாக "இருபுறமும் கர்ல் எடுக்க" என்று தொடங்குபவர்கள் இதை ஒருமுறை யோசித்துக்கொண்டால் வழியை மறக்கமாட்டீர்கள்.

(3)-இன் இருபுறமும் கர்ல் எடுப்போம்:

∇×(∇×E) = −∇×(∂B/∂t)

வலப்பக்கம் முதலில். கர்ல் என்பது x, y, z ஆகியவற்றைப் பொறுத்த வகைக்கெழுக்களால் ஆனது. ∂/∂t காலத்தைப் பொறுத்தது. புலங்கள் சீராக மாறும்வரை பகுதி வகைக்கெழுக்களின் வரிசையை மாற்றலாம். எனவே

−∇×(∂B/∂t) = −∂/∂t (∇×B)

இப்போது (4)-ஐ உள்ளே வைக்க,

−∂/∂t (μ₀ε₀ ∂E/∂t) = −μ₀ε₀ ∂²E/∂t²

வலப்பக்கத்தில் B போய்விட்டது. இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். (4)-இன் வலப்பக்கம் இருக்கும் μ₀ε₀ ∂E/∂t என்ற உறுப்பு, இடப்பெயர்ச்சி மின்னோட்டத்திலிருந்து வருவது. ஆம்பியரின் பழைய விதியில் அது கிடையாது, மேக்ஸ்வெல் சேர்த்தது. பழைய விதியோடு நின்றிருந்தால் வெற்றிடத்தில் ∇×B = 0, வலப்பக்கம் மொத்தமும் பூஜ்யம். கிடைப்பது ∇²E = 0 மட்டும். அதில் காலத்தைப் பொறுத்த வகைக்கெழுவே இல்லை. ஓரிடத்தில் கிளம்பிய அசைவு இன்னோரிடத்துக்குக் கொஞ்ச நேரம் கழித்துப் போய்ச் சேர்வதை அந்தச் சமன்பாட்டால் சொல்லவே முடியாது. அலை முழுவதும் அந்த ஓர் உறுப்பில்தான் தொங்குகிறது. தேர்வில் அதை விட்டுவிட்டு, கடைசி வரியில் மட்டும் சரியான விடையை எழுதியவர்களும் இருந்தார்கள். அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இடப்பக்கம்தான் பலர் தாண்டிய இடம். முற்றொருமை இது:

∇×(∇×E) = ∇(∇·E) − ∇²E

நம்பிக்கையில் எழுத வேண்டாம், x கூறை மட்டும் போட்டுப் பார்ப்போம். ∇×E-யின் z கூறு ∂Ey/∂x − ∂Ex/∂y. y கூறு ∂Ex/∂z − ∂Ez/∂x. மறுபடி கர்ல் எடுத்தால் அதன் x கூறு

∂/∂y (∂Ey/∂x − ∂Ex/∂y) − ∂/∂z (∂Ex/∂z − ∂Ez/∂x)

விரித்து எழுத,

∂²Ey/∂x∂y + ∂²Ez/∂x∂z − ∂²Ex/∂y² − ∂²Ex/∂z²

முதல் இரண்டு உறுப்புகள் ∂/∂x (∂Ey/∂y + ∂Ez/∂z) என்று சேர்கின்றன. டைவர்ஜென்ஸ் ஆக ஒரு ∂Ex/∂x மட்டும் குறைகிறது. அதனால் ∂²Ex/∂x²-ஐ ஒருமுறை கூட்டி ஒருமுறை கழிப்போம். கூட்டியது முன்பகுதியோடு போகிறது, கழித்தது பின்பகுதியோடு போகிறது:

∂/∂x (∇·E) − ∇²Ex

அவ்வளவுதான். y, z கூறுகளும் இதே மாதிரி. ஒன்றைக் கவனியுங்கள்: ∇²E என்பதற்கு, கார்ட்டீசியன் கூறுகள் ஒவ்வொன்றின் மேலும் ∇² செயல்படுகிறது என்று பொருள். கோள ஆயங்களில் Er-க்கு மட்டும் தனியாக ∇² போட்டால் தவறான விடை வரும், ஏனென்றால் அங்கே ஓரலகு வெக்டர்களே இடத்துக்கு இடம் திரும்புகின்றன.

இப்போது (1) உள்ளே வருகிறது. வெற்றிடத்தில் ∇·E = 0, எனவே ∇(∇·E) உறுப்பு மறைகிறது. அது முற்றொருமையால் மறையவில்லை, மின்னூட்டம் இல்லாததால் மறைகிறது. மின்னூட்டமும் மின்னோட்டமும் இருக்கும் இடத்தில் இதே வழியில் போனால்

∇²E − μ₀ε₀ ∂²E/∂t² = (1/ε₀)∇ρ + μ₀ ∂J/∂t

என்று வலப்பக்கம் நிறைந்துவிடும். வெற்றிடத்துக்கு இருபுறத்தையும் சேர்த்தால் −∇²E = −μ₀ε₀ ∂²E/∂t², அதாவது

∇²E = μ₀ε₀ ∂²E/∂t²

இதுதான் கேட்ட சமன்பாடு. ∇²f = (1/v²) ∂²f/∂t² என்ற பொது அலைச் சமன்பாட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். E-யின் மூன்று கார்ட்டீசியன் கூறுகளும் தனித்தனியே அதற்கு உட்படுகின்றன, வேகம்

v = 1/√(μ₀ε₀)

எண்களைப் போடுவோம். ε₀ = 8.854 × 10⁻¹² F/m, μ₀ = 1.2566 × 10⁻⁶ H/m. பெருக்கினால் 1.1126 × 10⁻¹⁷ s²/m². வர்க்கமூலம் 3.3356 × 10⁻⁹ s/m. தலைகீழாக்கினால் 2.998 × 10⁸ m/s. ஒளியின் வேகம்.

இன்று நமக்கு இது பழகிப்போன எண். 1856-இல் வெபரும் கோல்ராஷும் அளந்தது மின்தேக்கியில் சேர்ந்த மின்னூட்டத்தை. நிலைமின் அலகிலும் மின்காந்த அலகிலும் அதை அளந்து விகிதம் எடுத்தார்கள், ஒளியைத் தொடவே இல்லை. அதிலிருந்து கிடைத்த வேகம் நொடிக்கு 3,10,740 கிலோமீட்டர் என்று மேக்ஸ்வெல் தன் 1865 கட்டுரையில் எடுத்துக்காட்டுகிறார். பக்கத்திலேயே ஒளியை வைத்து அளந்த எண்களையும் வைக்கிறார்: ஃபிசோவுடையது 3,14,858, ஃபூக்கோவுடையது 2,98,000. ஒளி மின்காந்த அலை என்று அவர் சொன்னதற்கு இந்த நெருக்கம் பெரிய ஆதாரம். அலையை ஆய்வகத்தில் உண்டாக்கி ஹெர்ட்ஸ் காட்டியது 1887–88-இல்தான், அதற்குள் மேக்ஸ்வெல் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சரி, வேலை முடிந்ததா? இல்லை. தேர்வில் ஒருவர் விடைக்குக் கீழே, "இனி எந்த அலைச் சமன்பாட்டுத் தீர்வும் மின்புலம்தான்" என்று எழுதியிருந்தார். இது தவறு, ஆனால் நல்ல தவறு. வகைக்கெழு எடுக்கும் ஒவ்வொரு படியிலும் நாம் கொஞ்சம் தகவலை இழக்கிறோம். நான்கு விதிகளிலிருந்து அலைச் சமன்பாடு வரும், ஆனால் அலைச் சமன்பாட்டிலிருந்து நான்கு விதிகளும் திரும்பி வராது. உதாரணமாக x திசையில் ஓடும், x திசையிலேயே அதிரும் ஒரு புலம்:

E = x̂ E₀ cos(kx − ωt), ω = ck

அலைச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், அச்சுப் பிசகாமல் பொருந்தும். ஆனால் ∇·E = −kE₀ sin(kx − ωt). இது எல்லா இடத்திலும் பூஜ்யம் ஆகாது, எனவே (1) உடைகிறது. வெற்றிடத்தில் இப்படி ஒரு அலை கிடையாது. அதிர்வைப் பக்கவாட்டில் திருப்பினால்,

E = ŷ E₀ cos(kx − ωt)

இதன் டைவர்ஜென்ஸ் பூஜ்யம். மின்காந்தத் தள அலை குறுக்கலையாக இருப்பதற்குக் காரணம் அலைச் சமன்பாடு அல்ல, காஸ் விதி. கூடவே வரும் B-ஐ (3) தருகிறது: ∇×E-யின் z கூறு −kE₀ sin(kx − ωt), அதனால் ∂Bz/∂t = kE₀ sin(kx − ωt). காலத்தில் மாறாத புலம் ஏதும் இல்லை என்று கொண்டு தொகையிட்டால்

B = ẑ (E₀/c) cos(kx − ωt)

E-க்குச் செங்குத்து, ஓடும் திசைக்கும் செங்குத்து, E-யோடு ஒரே கட்டத்தில். இரண்டில் ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது பூஜ்யத்தில் இருக்கும் என்று படம் வரைந்தவர்கள் இந்த வரியைத் திரும்பப் பாருங்கள்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். (3)-இல் தொடங்கினோம், (4)-ஐ வலப்பக்கத்தில் வைத்தோம், (1) இடப்பக்கத்தைச் சுருக்கியது. (2)? ஓர் இடத்திலும் தொடவில்லை. தாள்களில் "நான்கு விதிகளையும் பயன்படுத்த" என்று எழுதியிருந்தீர்கள், உண்மையில் பயன்பட்டவை மூன்று. (3)-க்கு டைவர்ஜென்ஸ் எடுத்தால் கர்லின் டைவர்ஜென்ஸ் எப்போதும் பூஜ்யம் என்பதால் ∂(∇·B)/∂t = 0 என்று வரும். அதாவது ஒரு கணத்தில் (2) உண்மையாக இருந்தால் பிறகும் உண்மையாகவே இருக்கும். ஆனால் தொடக்கக் கணத்தில் அது பூஜ்யம் என்று (3) சொல்லாது, அதைச் சொல்ல (2) தனியாக வேண்டும்.

திங்கட்கிழமைக்குள் (4)-இல் தொடங்கி B-க்கான சமன்பாட்டை எழுதி வாருங்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அங்கே வேலை செய்த விதியின் எண் இருக்க வேண்டும். இந்த முறை சும்மா இருக்கப்போவது (1).