மாத்து மோட்டார்

சித்திரை பிறந்துவிட்டால் உசிலம்பட்டிப் பக்கம் கிணற்று மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் எல்லாத் தோட்டத்திலும் ஒன்றாக ஸ்விட்ச் போடுவார்கள், வோல்டேஜ் இறங்கிவிடும். ஒரு முனை போனாலும் நிறுத்த மனசு வராமல், கன்டென்சர் மாட்டி இரண்டு முனையிலேயே ஓட்டுகிறவர்களும் உண்டு. காயில் எத்தனை நாள் தாங்கும்?

பேரையூர் ரோட்டில் தவசியின் வைண்டிங் பட்டறை வாசலில் அன்றைக்கு ஐந்து மோட்டார் கிடந்தது. ஆறாவதை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான் காசிமாயன். கூடவே வந்தார் மல்லிகைத் தோட்டக்காரர் ஒச்சப்பன்.

"எப்பப்பா கெடைக்கும்?"

"நாலு நாளாவது ஆகும் பெரியப்பா."

"மொட்டு புடிக்கிற நேரம்ப்பா இது. தண்ணி காட்டலைன்னா சிறுத்துப் போகும். சந்தையில எவன் வாங்குவான்?"

தவசி பதில் சொல்லவில்லை. தண்ணீருக்குள் ஓடுகிற மோட்டாருக்கு பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஒவ்வொரு சுற்றாகக் கையால் கோக்க வேண்டும். அவசரத்தில் உறையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் இறங்கி மறுபடியும் எரிந்துவிடும். அவன் வேலை சுத்தமான வேலை. அதனால்தான் வாசலில் அத்தனை மோட்டார் கிடந்தது.

ஒச்சப்பன் படியை விட்டு எழுந்திரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தவசி, "வா மாப்ள, டீ குடிச்சிட்டு வரலாம்" என்று காசியை இழுத்துக்கொண்டு பெருமாயி அக்கா கடைக்குப் போனான்.

அக்கா கடையில் உளுந்து வடை வெந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கிரைண்டர் மெக்கானிக் வண்டியில் வந்து இறங்கினார். அக்காவின் கிரைண்டரை ரிப்பேர் பார்த்துக் கொண்டுவந்து வைத்தார். இவ்வளவு நாள் அங்கே ஓடிய இன்னொரு கிரைண்டரைக் கழுவித் தரச் சொல்லி வண்டியில் ஏற்றினார்.

"அது யாருதுக்கா?" என்றான் காசி.

"அவருதுதான். நம்மது சரியாகுற வரைக்கும் ஓட்டிக்கச் சொல்லிக் குடுத்தாரு. இல்லைன்னா வடைக்கு எங்க போக?"

காசி டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"மச்சான், நம்மகிட்டயும் மாத்து மோட்டார் இருந்தா?"

"அஞ்சு ஹெச்பி மோட்டார் என்ன விலைன்னு தெரியும்ல?"

"புதுசு எதுக்கு? போர் போட்டவன் பூராம் கிணத்து மோட்டாரை மாட்டுக் கொட்டத்துல போட்டு வச்சிருக்கான். எந்த வீட்டுல எது கெடக்குன்னு எனக்குத் தெரியும். எல்லாம் நான் ஏத்தி இறக்குனதுதான். பழைய இரும்பு விலைக்குத் தருவாங்க. நீ வைண்டிங் பண்ணு."

தவசி யோசித்தான். போர் மோட்டார் என்றால் ஆழமும் ஸ்டேஜும் ஆளுக்கு ஆள் மாறும், ஒன்றுக்கு ஒன்று சேராது. கிணற்று மோட்டார் அப்படியில்லை. கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, குழாயை மாட்டினால் ஓடும்.

"சரி, குடுக்குறதையும் எரிச்சுட்டா?"

இந்தக் கேள்வியில்தான் இரண்டாவது டீ போனது. விடையைத் தவசியே சொன்னான். "மோட்டாரைத் தனியாக் குடுக்கக் கூடாது மாப்ள. நம்ம ஸ்டார்ட்டர் பெட்டியோட குடுக்கணும். உள்ள ப்ரிவென்டர் போட்டுப் பூட்டிடுவேன். ஒரு முனை போச்சுன்னா தானா நின்னுரும். ரெண்டு முனையில ஓட்ட நெனைச்சாலும் முடியாது."

வாடகையில் மட்டும் பேச்சு இழுபட்டது. ஒரு நாளைக்கு முந்நூறு என்றான் காசி. வைண்டிங்குக்குக் கொடுத்தவரிடம் தனியாக வாடகையா என்று தவசிக்குக் கூச்சம். கடைசியில் நூற்றைம்பதில் நின்றார்கள். ஏற்றி இறக்குகிற கூலி காசிக்கு.

வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அக்கா குறுக்கே வந்தார். "நாலாவது நாளு வேலை முடியலைன்னா, அஞ்சாவது நாளுக்கு வாடகை வாங்காதீங்கப்பா. தாமதம் உங்களுதுதான?" அந்த விதி இன்றுவரை மாறவில்லை.

பட்டறைக்குத் திரும்பியபோது ஒச்சப்பன் அதே படியில் இருந்தார். யாரோ வாங்காமல் விட்டுப்போன மோட்டார் ஒன்றைத் தவசி ஏற்கெனவே வைண்டிங் பண்ணி வைத்திருந்தான். அதன் சொந்தக்காரரிடம் போனில் பேசி, விலை முடித்து, ஸ்டார்ட்டர் பெட்டியைத் தயார்செய்ய இருட்டிவிட்டது. ராத்திரி மின்சாரம் வருவதற்குள் காசியும் அவனும் கிணற்றில் இறங்கி மாட்டிவிட்டார்கள். தண்ணீர் முதல் வரப்பைத் தாண்டியதும் ஒச்சப்பன் மடியை அவிழ்த்து அறுநூறு ரூபாயை எண்ணி நீட்டினார்.

"முடிஞ்சதும் குடுங்க பெரியப்பா."

"புடிப்பா. இதை வச்சு இன்னொண்ணு வாங்கிப் போடுங்க. பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் ரெண்டு நாளாக் கத்துது."

காசி மறுநாள் காலையிலேயே முதல் மாட்டுக் கொட்டத்துக்கு ஆட்டோவை விட்டான்.