மாம்பழக் கடைக்கு வந்த குறைகளும் மாற்றி எழுதிய பதில்களும்

மாமா,

கடையின் இணையப் பக்கத்தில் இந்தப் பருவம் நீங்கள் போட்ட பதில்களில் ஆறை மாற்றி எழுதியிருக்கிறேன். பழையதையும் கூடவே வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் திருப்பித் தருவது, பழம் மாற்றித் தருவது எல்லாம் அத்தையிடம் கேட்ட பிறகே எழுதினேன். கடையில் நடக்காத எதையும் சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து சேலம் போகும் குடும்பம் கிருஷ்ணகிரியில் எந்தக் கடை முன்னால் காரை நிறுத்தலாம் என்று கைப்பேசியில் தேடும்போது, குறை சொன்னவரைவிட உங்களைத்தான் கூர்ந்து படிக்கும்.

பஞ்சான அல்போன்சா

குறை: "ஒரு டஜன் வாங்கினோம். நான்கு பழங்கள் உள்ளே வெளுத்துப் பஞ்சுபோல் இருந்தன. தெரிந்தே தலையில் கட்டிவிட்டார்கள்."

நீங்கள் எழுதியது: "பழத்துக்குள் பார்க்க எங்களிடம் எக்ஸ்ரே இல்லை. அவ்வளவு சந்தேகம் இருந்தால் வீட்டில் மரம் வைத்துக்கொள்ளுங்கள்."

எக்ஸ்ரே வரியைப் படித்து நானும் சிரித்தேன். ஆனால் அந்த டஜனுக்குக் காசு கொடுத்தது நான் இல்லையே.

புதியது: "வணக்கம். ஆசையாக வாங்கிப்போன பழம் அறுத்ததும் இப்படி இருந்தால் கோபம் வரத்தான் செய்யும். வருந்துகிறோம். கொட்டையைச் சுற்றிச் சதை வெளுத்துப் பஞ்சாவது அல்போன்சாவில் அதிகம் வரும் குறை. தோலைப் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது, எங்களுக்கும் அறுத்தால்தான் தெரியும். அதற்காக அந்த நஷ்டம் உங்களுடையது ஆகாது. நான்கு பழங்களின் விலையைத் திருப்பித் தருகிறோம். பில்லில் உள்ள எண்ணுக்கு அறுத்த பழத்தின் படம் ஒன்று அனுப்பினால் போதும். இனி அல்போன்சா வாங்குவோரிடம் இதை முன்பே சொல்லித்தான் விற்போம்."

கார்பைடு என்று எழுதியவர்

குறை: "மேலே தங்கம்போல் மஞ்சள், உள்ளே புளிப்புக் காய். கார்பைடு கல் போட்டுப் பழுக்கவைக்கிறார்கள். குழந்தைகளுக்கு வாங்காதீர்கள்."

நீங்கள் எழுதியது: "ஆதாரம் இருக்கிறதா? மானநஷ்ட வழக்குப் போடுவேன். என் வக்கீல் பேசுவார்."

இது ஒன்றுக்குத்தான் நேரம் எடுத்தது. வழக்கு என்ற சொல்லைப் பார்த்ததுமே, இவர் எதையோ மறைக்கிறார் என்று படிப்பவருக்குத் தோன்றிவிடும். நம் பின்கட்டு அறையில் மறைக்க ஒன்றுமில்லாதபோது அதைத் திறந்து காட்டுவதுதானே சுலபம்?

புதியது: "வணக்கம். குழந்தைகளுக்குக் கொடுக்கும் பழம் என்பதால் உங்கள் பயம் நியாயமானது. கார்பைடு கல்லால் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. நாங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. காய்களை மூடிய அறையில் எத்திலீன் வாயு விட்டுப் பழுக்கவைக்கிறோம். பழம் பழுக்கும்போது தானாகவே வெளியிடும் வாயுதான் அது. உணவுப் பாதுகாப்பு விதிகள் 10 லட்சத்துக்கு 100 பங்கு வரை அதை அனுமதிக்கின்றன. உங்கள் பழம் உள்ளே புளித்ததற்குக் காரணம், நன்றாக முற்றாத காய் அந்தப் பெட்டியில் கலந்திருக்கலாம். முற்றாத காயை எப்படிப் பழுக்கவைத்தாலும் நிறம்தான் வரும், இனிப்பு வராது. தரம் பிரிக்கும்போது அதை நாங்கள் கவனித்திருக்க வேண்டும். மன்னிக்கவும். பெட்டியை மாற்றித் தருகிறோம். கடை திறந்திருக்கும் எந்த நேரத்திலும் பழுக்கவைக்கும் அறையை நீங்கள் நேரில் பார்க்கலாம். அதன் பிறகும் ஐயம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் தாராளமாகப் புகார் கொடுங்கள். அவர்கள் மாதிரி எடுக்க வந்தால் நாங்கள் ஒத்துழைப்போம்."

கடைசி இரண்டு வரிகள் வேண்டாம் என்று அத்தை சொன்னார். எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன. நீங்களே முடிவு செய்யுங்கள்.

எடை

குறை: "5 கிலோ பெட்டி என்று விற்றார்கள். வீட்டில் பழத்தை மட்டும் நிறுத்தால் 4 கிலோ 550 கிராம்."

நீங்கள் எழுதியது: "பெட்டி என்ன காற்றிலா செய்தது?"

மாமா, இதில் வாடிக்கையாளர் சொல்வதே சரி. அட்டைப்பெட்டியும் வைக்கோலும் எடையில் சேரக் கூடாது. அதனால் இந்தப் பதிலில் விளக்கமே வைக்கவில்லை.

புதியது: "வணக்கம். நீங்கள் சொன்னது சரி. பெட்டியோடு சேர்த்து நிறுத்தது எங்கள் தவறு. குறைந்த 450 கிராமுக்கான தொகையை இன்றே அனுப்புகிறோம். இன்று முதல் வெறும் பெட்டியைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே பழம் போடுகிறோம். வாங்குபவர் முன்னாலேயே நிறுப்போம். சுட்டிக்காட்டியதற்கு நன்றி."

"இன்று முதல்" என்று எழுதியிருப்பதால், இதைப் போடுவதற்கு முன் தராசடியில் நிற்கும் பையன்கள் இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

சென்னைப் பார்சல்

குறை: "மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. பாதிப் பழம் குழைந்து ஈயாடியது."

நீங்கள் எழுதியது: "லாரி ஆபீஸைக் கேளுங்கள்."

புதியது: "வணக்கம். பணம் வாங்கியது நாங்கள், ஆகவே பழம் உங்கள் கைக்கு வரும்வரை பொறுப்பும் எங்களுடையது. பாதித் தொகையைத் திருப்பி அனுப்பிவிட்டோம். இனி வெளியூருக்குக் கனிந்த பழம் அனுப்ப மாட்டோம். வீட்டில் வைத்துப் பழுக்கும்படி கெட்டியான பழமாக அனுப்புவோம்."

"அனுப்பிவிட்டோம்" என்பது உண்மையான பிறகு இதைப் போடுங்கள்.

காவேரிப்பட்டணத்துப் பெரியவர்

குறையை எழுதியது அவர் மகள்: "அப்பா செந்தூரா இரண்டு கிலோ கேட்டு, ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். 'வாங்குகிற ஆளாகத் தெரியவில்லை, கையை எடு' என்று கடைப் பையன் சொல்லியிருக்கிறான். 70 வயதுக்காரரை ஒருமையில். அவர் எதுவும் வாங்காமல் வந்துவிட்டார்."

நீங்கள் எழுதியது: "கூட்ட நேரத்தில் அப்படித்தான் இருக்கும். எல்லாப் பழத்தையும் அமுக்கிப் பார்த்தால் யார் வாங்குவார்கள்?"

புதியது: "அம்மா, வணக்கம். உங்கள் அப்பாவிடம் எங்கள் கடையில் பேசிய விதம் தவறு. கூட்டத்தைக் காரணம் சொல்ல மாட்டேன். பழத்தை முகர்ந்து பார்த்து வாங்குவதுதான் முறை. தோட்டம் பார்த்த தலைமுறைக்கு அதை நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பையனிடம் பேசியிருக்கிறேன். அப்பாவிடம் நானே நேரில் மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன். எப்போது வரலாம் என்று சொல்லுங்கள். – கடை உரிமையாளர்"

இதற்குக் கீழே தள்ளுபடி, இலவசப் பழம் என்று எதையும் சேர்த்துவிடாதீர்கள். அவர்கள் பழம் கேட்கவில்லை. நேரில் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம், அது வேறு.

எழுத்தே இல்லாத ஒற்றை நட்சத்திரம்

நீங்கள் எழுதியது: "நீ எந்தக் கடை ஆள் என்று எனக்குத் தெரியும்."

எதிர்க்கடைக்காரராகவே இருக்கட்டும். படிப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

புதியது: "வணக்கம். எதில் குறை என்று நீங்கள் எழுதவில்லை. பில் எண்ணும் வாங்கிய நாளும் தெரிவித்தால் பார்த்துச் சரிசெய்வோம்."

நேற்று மாலை போட்ட ஒன்றை, கிளிமூக்குப் பழத்தில் வண்டு இருந்ததாகச் சொன்னவருக்கு எழுதியதை, நான் தொடவில்லை. "கொட்டைக்குள் வண்டு பிஞ்சிலேயே புகுந்துவிடும், துளையும் மூடிவிடும், வெளியே தெரியாது. வாருங்கள், வாருங்கள், மாற்றித் தருகிறேன்" என்று நீங்களே அழகாக எழுதியிருக்கிறீர்கள். அதில் "வாருங்கள்" மட்டும் இரண்டு முறை விழுந்திருக்கிறது, ஒன்றை எடுத்துவிடுங்கள். பெரியவர் வீட்டுப் பதிலை முதலில் போடுங்கள். அதற்கும் முன்னால் அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டுவிடுங்கள். எண் அத்தையிடம் இருக்கிறது, போன வருடம் அவர்கள் ஊறுகாய்க்குக் காய் வாங்கியிருக்கிறார்கள்.