இறுதியாண்டுத் திட்டப்பணி: ‘தேங்கா’ என்று கேட்டு ‘தேங்காய்’ என்று படிக்க ஒரு விளையாட்டு

வணக்கம் டாக்டர் மீனாட்சி,

நான் கார்த்திக், கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. போன பருவத்தில் உங்கள் மனித-கணினி ஊடாட்ட வகுப்பில் இருந்தேன், பின்வரிசையில். ஆகஸ்ட்டில் தொடங்கும் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு நீங்கள் மேற்பார்வையாளராக இருக்க முடியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். திட்டம் தமிழைப் பற்றியது, அதனால் மின்னஞ்சலும் தமிழிலேயே. துறைக்குத் தர வேண்டிய படிவத்தை ஆங்கிலத்தில் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

என் அக்கா மகன் தொடக்கநிலை 3 படிக்கிறான். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம்தான், ஆனால் பாட்டியோடு தேக்கா சந்தைக்குப் போனால் “தேங்கா ஒன்னு, அஞ்சு வெள்ளிக்கு வாழப்பழம்” என்று கடைக்காரரிடம் தடுமாறாமல் கேட்டு வாங்குவான். அதே பையன் அன்று மாலை பயிற்சித்தாளில் ‘தேங்காய்’ என்ற சொல்லில் நின்றுவிட்டான். ‘ய்’ மேல் விரலை வைத்து, “மாமா, இது எதுக்கு இங்க இருக்கு?” என்றான். ‘ஐந்து’ என்பது ‘அஞ்சு’தான் என்று சொன்னபோது நான் ஏமாற்றுவதாகவே நினைத்தான். சொல் தெரியாமல் இல்லை அவனுக்கு. காதில் இருக்கும் சொல்லும் தாளில் இருக்கும் சொல்லும் ஒன்று என்பதுதான் தெரியவில்லை. நான் பார்த்த தமிழ்ச் செயலிகள் எல்லாம் அ-னா ஆ-வன்னாவில் தொடங்கிப் படம் காட்டிச் சொல் கற்றுத் தருகின்றன, இந்த இடைவெளியைத் தொடவே இல்லை.

விளையாட்டு இதுதான். பிள்ளைதான் கடைக்காரர். வாடிக்கையாளர் பேச்சுத் தமிழில் கேட்பார், குரல் மட்டும், எழுத்து திரையில் வராது. தட்டுகளில் எழுத்துத் தமிழில் பெயர் ஒட்டியிருக்கும், படம் கிடையாது (படம் இருந்தால் படிக்கவே மாட்டார்கள், நானே மாட்டேன்). சரியான தட்டை எடுத்தால் வாடிக்கையாளர் காசு கொடுத்துவிட்டுப் போவார். தவறாக எடுத்தால் அந்தத் தட்டில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டி, “இது இல்லையே தம்பி” என்பார், வரிசை நகராது. அடுத்த கட்டத்தில் பெயர்ச்சீட்டைப் பிள்ளையே எழுத்துகளை அடுக்கிச் செய்ய வேண்டும். தவறிய சொற்கள் சீக்கிரமே திரும்பி வரும், சரியாகச் செய்தவை நாள் தள்ளி வரும். நட்சத்திரம், பதக்கம் எதுவும் வைக்கப் போவதில்லை.

இதில் கணினி அறிவியல் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டுப் பார்த்தேன். எழுத்து அடுக்கும் கட்டத்தின் முதல் மாதிரியிலேயே மாட்டிக்கொண்டேன்:

```python
list("தேங்காய்")
# ['த', 'ே', 'ங', '்', 'க', 'ா', 'ய', '்']
```

பிள்ளைக்கு இது தே-ங்-கா-ய், நான்கு எழுத்து. யூனிகோடுக்கு எட்டுக் குறியீடு. அப்படியே கட்டங்களில் போட்டால் ‘ே’ தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கிறது. பிரித்துச் சேர்க்கும் பகுதியை எழுதிவிட்டேன், Godot 4-இல் ஓடுகிறது. உண்மையான வேலை இனிமேல்தான்: ஒவ்வொரு சொல்லிலும் பேச்சு வடிவம் எழுத்து வடிவத்திலிருந்து எப்படி மாறுகிறது என்று வகை பிரித்து (ஈற்று ‘ய்’ விழுவது, ‘ந்து’ ‘ஞ்சு’ ஆவது, ‘ன்று’ ‘ன்னு’ ஆவது), பிள்ளை எந்த வகையில் தடுமாறுகிறது என்பதை விளையாட்டு தானே கணித்து அதற்கேற்பச் சொற்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேங்காயில் தவறியவனுக்கு அடுத்து மாங்காய் வர வேண்டும், சும்மா ஏதோ ஒரு சொல் அல்ல. சொற்களைக் கண்டபடி கொடுக்கும் ஒரு பதிப்பையும் வைத்து இரண்டையும் ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் பேசுவதைப் புரிந்துகொள்ளும் குரல் உணர்வியைச் சேர்க்க மாட்டேன், அது தனித் திட்டம். குரல்கள் என் பாட்டி, அவருடைய இரண்டு தோழிகள்; ஏற்கெனவே 40 சொற்கள் பதிந்தாயிற்று, பின்னணியில் மின்விசிறி சத்தம் கேட்கிறது, மறுபடி பதிய வேண்டும். எனக்குப் படம் வரையவும் வராது.

எனக்குத் தெளிவில்லாதது சோதனைப் பகுதி. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் போதுமா, அல்லது குறைவான பேரை நான்கு வாரம் உட்கார்ந்து கவனிப்பது மேலா? சிறுவர்கள் என்பதால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும், அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பருவம் தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிட விரும்புகிறேன்.

ஓடும் மாதிரி மடிக்கணினியில் இருக்கிறது, ஒரே ஒரு கடை, 12 பொருள். செவ்வாய் அல்லது வியாழன் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு இருபது நிமிடம் கிடைத்தால் உங்கள் அறைக்கே கொண்டுவந்து காட்டுகிறேன். உங்களிடம் ஏற்கெனவே மாணவர்கள் நிறைந்துவிட்டார்கள் என்றால் சொல்லிவிடுங்கள் டாக்டர், வேறு யாரைக் கேட்கலாம் என்று மட்டும் கை காட்டினால் போதும்.

நன்றி,
கார்த்திக்