பெண்கள் வார்டு, படுக்கை 14: மாலை ஷிஃப்டிலிருந்து இரவு ஷிஃப்டுக்கு

கையில் குறித்தது
14 – டெங்கு 5ஆம் நாள். காய்ச்சல் காலைல விட்டுது. பிபி 2 மணி 110/70, 5 மணி 104/76, 7.30 100/78, பல்ஸ் 112. வயித்துவலி 5லேர்ந்து. வாந்தி 2. யூரின் 120. பிசிவி 40, இப்ப 46. பிளேட்லெட் 38 ஆயிரம். பீரியட்ஸ், பேட் 2. டூட்டி டாக்டர் 7.40 போன். அம்மா – டிஸ்சார்ஜ் எப்ப?

நிலைமை
சிஸ்டர், 14ஆம் படுக்கையை முதலில் பாருங்கள். 24 வயதுப் பெண், எடை 58 கிலோ. மாலை 5 மணியிலிருந்து வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி. நாடித்துடிப்பு 112, ரத்த அழுத்தம் 100/78. டூட்டி டாக்டருக்கு 7.40க்குச் சொல்லியாயிற்று.

பின்னணி
காய்ச்சல் தொடங்கி இன்று 5ஆம் நாள். என்எஸ்1 பாசிட்டிவ். வேறு நோயோ மருந்து அலர்ஜியோ இல்லை, கர்ப்பப் பரிசோதனை நெகட்டிவ். அட்மிஷனுக்கு முன்பு வெளியே ஏதோ வலி ஊசி போட்டிருக்கிறார்; என்ன ஊசி என்று சீட்டில் இல்லை. ஆர்.எல். மணிக்கு 100 மி.லி. போய்க்கொண்டிருந்தது.

மதிப்பீடு
காய்ச்சல் விட்டதால் தேறிவிட்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிற கட்டம் இதுதான். மேல் அழுத்தம் 100 என்று மட்டும் பார்த்தால் பெரிதாகத் தெரியாது; மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் 40, 28, 22 என்று குறைந்துகொண்டே வருகிறது. பிசிவி காலையில் 40, மாலையில் 46. ஆறு மணி நேரத்தில் சிறுநீர் 120 மி.லி.தான், கிலோவுக்கு அரை மி.லி. கணக்கில் மணிக்கு 29 வர வேண்டும், வந்தது 20. விரல்நுனி லேசாகக் குளிர்ந்திருக்கிறது. நினைவு தெளிவு, ஆக்சிஜன் அளவு 98. மாதவிடாய் மதியம் தொடங்கியது, இரண்டு பேட், அதிகப் போக்கு இல்லை. ஈறு, மூக்கில் ரத்தம் இல்லை.

பரிந்துரை
டாக்டர் போனில் சொன்னபடி 7.45க்கு ஆர்.எல். மணிக்கு 290 மி.லி. ஆக்கியிருக்கிறேன், கிலோவுக்கு 5 கணக்கு. திருப்பிச் சொல்லி உறுதிசெய்தேன். கேஸ் ஷீட்டில் அவர் கையெழுத்து இன்னும் வாங்கவில்லை. ஒரு மணி நேரம்தான் இந்த வேகம். 8.45க்கு அவர் வந்து பார்க்காமல் அப்படியே ஓடவிட வேண்டாம். அதுவரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிபி, நாடி, கை கால் சூடு. 9 மணிக்கு பிசிவி. சிறுநீர் மணிக்கணக்கில் அளக்க வேண்டும், அளவு ஜாடி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

வித்தியாசம் 20க்கு வந்தாலோ, கை கால் ஜில்லிட்டாலோ, தூக்கக் கலக்கமோ ரத்தப்போக்கோ தெரிந்தாலோ உடனே கூப்பிடுங்கள். நீர் ஏறும்போது மூச்சுத்திணறல் வருகிறதா என்பதும் முக்கியம். பாராசிட்டமால் தவிர வேறு வலி மருந்து கூடாது, தசை ஊசியும் கூடாது. பிளேட்லெட் ஏற்றச் சொல்லி உறவினர் கேட்கிறார்கள். ரத்தப்போக்கு இல்லாததால் இப்போது தேவையில்லை என்று டாக்டரே விளக்கிவிட்டார்.

நாளை வீட்டுக்குப் போகலாம் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். இன்று இரவுதான் கவனம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள்.