சித்தியின் ரத்தப் பரிசோதனை: வரம்பு தாண்டிய அளவுகளும் மருத்துவரிடம் கேட்க வேண்டியவையும்

அன்புள்ள சித்திக்கு,

தம்பி நேற்றிரவு அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அறிக்கையின் அசல் தாளோடு இதையும் எடுத்துக்கொண்டு போங்கள். வாய்விட்டுக் கேட்கத் தயக்கமாக இருந்தால் இந்தத் தாளையே அவரிடம் கொடுத்துவிடலாம். நான் ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை செய்பவள்தான், மருத்துவர் அல்ல. ஆகவே இன்ன நோய் என்று இதில் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. அறிக்கையில் அச்சாகியிருக்கும் வரம்புக்கு வெளியே நிற்கும் அளவுகளையும், அவற்றை வைத்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளையும் மட்டுமே எழுதியிருக்கிறேன். வரம்புகளை வேறெங்கிருந்தும் எடுக்கவில்லை. கருவியைப் பொறுத்தும் முறையைப் பொறுத்தும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் அவை சற்று மாறும் என்பதால், உங்கள் தாளில் இருப்பதையே எடுத்துக்கொண்டேன்.

படத்தைப் படித்ததில் இருந்த சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். தாளை நான்காக மடித்த மடிப்பு சரியாக ஹீமோகுளோபின் வரியின் மேல் விழுந்திருக்கிறது. அதனால் அந்த எண் 9.4 என்றும் தெரிகிறது, 8.4 என்றும் தெரிகிறது. ஒரு கிராம் வித்தியாசம் சிறியதல்ல என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹீமோகுளோபினைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பத்தால் பெருக்கினால், ஒரு சிவப்பணுவில் சராசரியாக எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதைக் காட்டும் எம்.சி.எச். என்ற அளவு வர வேண்டும். கீழே சிவப்பணு 4.20 என்றும் எம்.சி.எச். 22.4 என்றும் தெளிவாக இருக்கின்றன. 9.4 என்று வைத்தால் 22.4 சரியாக வருகிறது, 8.4 என்று வைத்தால் 20.0 தான் வருகிறது. ஆகவே 9.4 என்றே எழுதியிருக்கிறேன். ஆனாலும் அசல் தாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வரம்புக்கு வெளியே உள்ள அளவுகள்

ரத்த அணுக்கள்:
- ஹீமோகுளோபின் 9.4 கிராம். பெண்களுக்கு 12.0 முதல் 15.0 வரை இருக்க வேண்டும், குறைவு.
- சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 71. வரம்பு 83 முதல் 101, குறைவு.
- எம்.சி.எச். 22.4. வரம்பு 27 முதல் 32, குறைவு.
- சிவப்பணுக்களுக்குள் உள்ள அளவு வேறுபாட்டைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. 17.8 சதவீதம். வரம்பு 11.6 முதல் 14.0, அதிகம்.
- தட்டணுக்கள் 4.62 லட்சம். வரம்பு 1.5 முதல் 4.1 லட்சம், சற்று அதிகம்.

சர்க்கரை:
- வெறும் வயிற்றில் 118 மில்லிகிராம். வரம்பு 70 முதல் 100, அதிகம்.
- சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 168. வரம்பு 140க்குள், அதிகம்.
- மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.3 சதவீதம். வரம்பு 5.7க்குள், அதிகம்.

தைராய்டு:
- தைராய்டு குறைவாகச் சுரந்தால் கூடும் டி.எஸ்.எச். 8.4. வரம்பு 0.35 முதல் 4.94, அதிகம். இதோடு எடுத்த, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 அளவு 0.92 வரம்புக்குள் இருக்கிறது.

கொழுப்பு:
- மொத்தக் கொலஸ்ட்ரால் 212 (200க்குள் வேண்டும்), ட்ரைகிளிசரைடு 188 (150க்குள்), கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 136 (100க்குள்), மூன்றும் அதிகம். நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 38 (50க்கு மேல் வேண்டும்), குறைவு.

எலும்பு, கல்லீரல் பகுதி:
- வைட்டமின் டி 13.6. வரம்பு 30 முதல் 100, குறைவு.
- ஆல்கலைன் பாஸ்படேஸ் 152. வரம்பு 40 முதல் 129, அதிகம்.

வெள்ளணுக்கள், யூரியா, கால்சியம், கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகியவை வரம்புக்குள் இருக்கின்றன. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.9 என்று தெரிகிறது. ஆனால் அதன் வரம்பு இருக்கும் இடத்தைத் தம்பியின் விரல் நிழல் மறைத்துவிட்டதால் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை.

இத்தனை எண்கள் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் நீங்கள் இரவெல்லாம் தூங்கவில்லை என்று தம்பி சொன்னான். ரத்த அணுக்களில் இருக்கும் ஐந்து அளவுகளும் ஐந்து தனி நோய்கள் அல்ல, சித்தி. சிவப்பணு சிறுத்து, வெளிறி, ஒன்றுக்கொன்று அளவு வேறுபட்டிருப்பது இரும்புச்சத்துக் குறைவில் வழக்கமாகக் காணும் தோற்றம். தட்டணு கொஞ்சம் கூடுவதும் அதோடு சேர்ந்து வரக்கூடியதுதான். தலசீமியா போன்ற பரம்பரைக் குறையிலும் சிவப்பணு சிறுத்துக் காணும் என்பதால் மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆனால் ஐந்தையும் ஒரே கேள்வியாகக் கேட்கலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

நேரம் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் ரத்தக் குறைவைப் பற்றியே முதலில் கேளுங்கள். "ரத்தம் எதனால் குறைந்திருக்கிறது, எங்காவது ரத்தம் போகிறதா, உடம்பில் சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்க்க வேண்டுமா?" என்று கேட்க வேண்டும். மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடுவது போதாது. காரணம் தெரியாமல் இரும்பு மாத்திரை மட்டும் சாப்பிட்டால், நிறுத்தியதும் ரத்தம் மறுபடி குறையும்.

இதற்காக நீங்கள் இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்று, ஒரு வருடமாக மாதவிலக்கு ஏழெட்டு நாள் நீடிப்பதும், கட்டி கட்டியாகப் போவதும். நாற்பத்தாறு வயதில் இது எல்லாருக்கும் உள்ளதுதான் என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். ஆண் மருத்துவர் என்பதால் சொல்லக் கூச்சமாக இருந்தால், இந்தப் பத்தியைக் காட்டி, "மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டுமா, ஸ்கேன் எடுக்க வேண்டுமா?" என்று மட்டும் கேட்டுவிடுங்கள். மற்றொன்று, மூட்டு வலிக்காக மருந்துக்கடையில் வாங்கி வாரத்தில் மூன்று நான்கு நாள் போடும் வலி மாத்திரை. அந்த வகை மாத்திரைகளால் வயிற்றில் புண்ணாகி, வெளியே தெரியாமல் ரத்தம் கசியக்கூடும். சிறுநீரகத்தையும் அவை பாதிக்கலாம். மாத்திரை அட்டையைக் கொண்டுபோய்க் காட்டி, "இதைத் தொடரலாமா, என் கிரியாட்டினின் சரியாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனதுண்டா, மூலம் இருக்கிறதா என்று அவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அடுத்தது தைராய்டு. டி.எஸ்.எச். கூடியிருந்தும் டி4 சரியாக இருப்பதால், உடனே மாத்திரை தொடங்க வேண்டுமா அல்லது சில வாரம் கழித்து மறுபடி பார்க்கலாமா என்பது அவர் முடிவு செய்ய வேண்டியது. நீங்கள் கேட்க வேண்டியது இது: "தைராய்டு குறைந்தால் மாதவிலக்கும் அதிகமாகும், கொலஸ்ட்ராலும் கூடும் என்கிறார்களே, என் விஷயத்தில் இவற்றுக்குள் தொடர்பு இருக்கிறதா? கொலஸ்ட்ராலுக்குத் தனியாக மாத்திரை வேண்டுமா, தைராய்டைச் சரிசெய்துவிட்டுப் பார்க்கலாமா?" தைராய்டு மாத்திரையும் இரும்பு அல்லது கால்சியம் மாத்திரையும் சேர்த்து எழுதித் தந்தால், எதை எந்த நேரத்தில் போடுவது என்று கட்டாயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவற்றை ஒன்றாகப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. நான்கு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்வது வழக்கம்.

சர்க்கரையைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அறிக்கையில் வெறும் வயிறு என்றுதான் அச்சாகியிருக்கிறது. ஆனால் காலை ஆறரை மணிப் பேருந்துக்கு நிற்கும்போது சர்க்கரை போட்டு அரை டம்ளர் டீ குடித்தீர்கள் என்று தம்பி சொன்னான். அப்படியானால் 118 என்பது வெறும் வயிற்று அளவே அல்ல. ட்ரைகிளிசரைடையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். எச்.பி.ஏ.1.சி. அன்று காலை குடித்த டீயால் மாறாது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவில் அது உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே, "எனக்குச் சர்க்கரை இருக்கிறதா, சர்க்கரைக்கு முந்தைய நிலையா, ரத்தம் ஏறிய பிறகு மறுபடி பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள். பாட்டிக்குச் சர்க்கரை இருந்ததையும் சொல்லுங்கள். தினமும் இரண்டு வேளை களி சாப்பிடுவதைச் சொல்லி, எவ்வளவு சாப்பிடலாம் என்றும் கேளுங்கள். கேழ்வரகு நல்லதுதான் என்றாலும், எத்தனை உருண்டை என்பதைப் பொறுத்துச் சர்க்கரை ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தைப் பற்றியும் கேளுங்கள். அது உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

கடைசியாக எலும்பு. ஆல்கலைன் பாஸ்படேஸ் கல்லீரலிலிருந்தும் வரும், எலும்பிலிருந்தும் வரும். மற்ற கல்லீரல் அளவுகள் சரியாக இருந்து வைட்டமின் டி இவ்வளவு குறைந்திருப்பதால், இது எலும்பிலிருந்து வருகிறதா என்று கேட்பது பொருத்தம். இந்த இடத்தில் நம் மாவட்டத்துத் தண்ணீரையும் சொல்லுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தீர்கள்; தம்பிக்கும் சிறு வயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி என்பதும் இந்தியத் தர நிர்ணயம். நம் பக்கத்தில் பல ஊர்க் கிணறுகள் அதைத் தாண்டியவை. ஃபுளோரைடு எலும்பில் படிந்தாலும் மூட்டும் முதுகும் இறுகி வலிக்கும். "என் மூட்டு வலிக்கு ஃபுளோரைடு காரணமாக இருக்குமா, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா, வைட்டமின் டி எவ்வளவு, எத்தனை வாரம் சாப்பிட வேண்டும்?" என்று கேளுங்கள். வெளியூரிலிருந்து புதிதாக வந்த மருத்துவராக இருந்தால், நீங்கள் சொன்னால்தான் அவருக்கு இது நினைவுக்கு வரும்.

திங்கட்கிழமைக்குள் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழப் பார்த்தாலோ, மாதவிலக்கு அளவுக்கு மீறிப் போனாலோ காத்திருக்க வேண்டாம். 108க்கு அழைத்துத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் பக்கத்தின் அடிப்பகுதி படத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. வைட்டமின் பி12 என்ற தலைப்பு மட்டும் தெரிகிறது, எண் தெரியவில்லை. தாளை மேசையில் விரித்து, மடிப்பை நீவிவிட்டு, பகல் வெளிச்சத்தில் நான்கு மூலையும் தெரியும்படி மேலிருந்து நேராகப் படம் எடுத்து அனுப்பத் தம்பியிடம் சொல்லுங்கள். கிரியாட்டினின் வரம்பையும் அதில் பார்த்து, ஞாயிறு மாலைக்குள் இதில் சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள், கிருஷ்ணகிரி