பாலாற்றுக் கரையில் மூன்று கோட்பாடுகள்: கட்டுவது யார், கேட்பது யார்?

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். பதனிட்ட பின் அந்தத் தண்ணீர் குரோமியத்தையும் உப்பையும் சுமந்துகொண்டு வாய்க்காலுக்கும் வயலுக்கும் போகிறது. திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் 467 கிணறுகளை ஆராய்ந்தபோது 350 கிணறுகள் கெட்டிருந்தன என்ற தகவலை, தோல் ஆலைகளின் மாசுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதே ஆண்டில், ராஜஸ்தானின் பிச்சிரி கிராமத்தை ரசாயன ஆலைகள் மாசுபடுத்திய வழக்கிலும் இந்த வழக்கிலும் உறுதியாயிற்று. ஆனால் அந்தக் கோட்பாடு தனித்து நின்றால் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அரசை அறங்காவலராகக் கொள்ளும் பொது நம்பிக்கைக் கோட்பாடு பின்னால் நின்றால்தான், இழப்பீட்டு உத்தரவு பாதிக்கப்பட்டவரின் கைக்குப் பணமாக வந்து சேரும்.

ஐந்து மாவட்டங்களில் இருந்த 700-க்கும் மேற்பட்ட ஆலைகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் மாசு அபராதம் விதித்ததோடு, இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையத்தை அமைக்கவும் நீதிமன்றம் ஆணையிட்டது. இந்த அபராதத்துக்கு எதிரான வாதம் வலுவானது. நாளுக்கு நூறு தோல் பதனிடும் சிறு ஆலைக்கும் பெரிய ஏற்றுமதி ஆலைக்கும் ஒரே தொகை என்றால், அது செய்த மாசுக்கான விலை ஆகாது. நிலத்தடி நீரில் கலந்த குரோமியம் எந்த ஆலையின் பீப்பாயிலிருந்து வந்தது என்று எவரும் பிரித்துச் சொல்ல முடியாத நிலையில், காரணத்தை நிறுவாமல் பொறுப்பைச் சுமத்துவது நியாயமா என்றும் கேட்கலாம். எனினும் கழிவின் அளவும் தன்மையும் ஆலைக்குள் இருப்பவருக்கே தெரியும். கிணற்றடியில் நிற்கும் விவசாயியிடம் ஆதாரம் கேட்பது, பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்பவரிடம் சாவி கேட்பது போன்றது. தீங்கு இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமையைத் தொழில் நடத்துபவர்மேல் அதே தீர்ப்பு வைத்ததன் பொருள் இதுவே. சிறு ஆலைகளின் முறையீட்டுக்குத் தீர்வு, கழிவின் அளவுக்கேற்பத் தொகையை வகுப்பதுதான். பொறுப்பையே தள்ளுபடி செய்வதன்று.

காசைக் கட்டிவிட்டு மாசுபடுத்தலாம் என்றாகிவிடுமே என்ற ஆட்சேபம் இதைவிட ஆழமானது. பொது நம்பிக்கைக் கோட்பாடு இங்குதான் தேவைப்படுகிறது. பியாஸ் ஆற்றின் போக்கை மாற்றிய விடுதி தொடர்பான கமல்நாத் வழக்கில், ஆறும் காடும் மக்களுக்காக அரசு காக்கும் சொத்து, தனியாருக்கு எழுதிக்கொடுக்கும் சொத்து அன்று என்று கூறி, நிலக் குத்தகையை நீதிமன்றம் ரத்து செய்தது. அமெரிக்காவிலிருந்து இரவல் வாங்கிய கோட்பாடு, சட்டமன்றம் இயற்றாததை நீதிபதிகள் புகுத்துகிறார்கள் என்பது எதிர்வாதம். அரசமைப்பின் 48-அ பிரிவு சுற்றுச்சூழலைக் காக்கும் கடமையை அரசுக்கு ஏற்கெனவே விதித்திருப்பதால் அதன் கூர்மை குறைகிறது. (ஊர் ஏரியைப் பொதுவில் பராமரித்த மரபு நமக்கும் உண்டு. அந்தப் பொதுவில் எல்லாச் சாதியாரும் சமமாக இருந்ததில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே மரபை மட்டும் காட்டி இந்த வாதத்தை வெல்ல நான் முயலவில்லை.)

இனி மூன்றாவது கோட்பாடு, வழக்காடும் தகுதி: நீதிமன்றத்தை அணுகும் உரிமை யாருக்கு என்பது. தனக்கு நேர்ந்த தீங்கை மெய்ப்பித்தால்தான் வழக்கு என்று 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லூஹான் வழக்கில் கதவைக் குறுக்கியது. வேலூரில் மன்றம் ஒன்று பொதுநல வழக்காக வந்தும் கதவு திறந்தது. திறந்த கதவில் வேண்டாதவரும் நுழைவார்கள் என்பதற்கு 1991-ஆம் ஆண்டின் சுபாஷ் குமார் வழக்கே சான்று: மாசற்ற நீர் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்த அதே தீர்ப்பு, மனுதாரர் தன் சொந்த ஆதாயத்துக்காக வந்தவர் என்று கண்டு மனுவைத் தள்ளியது. எனவே வடிகட்ட வேண்டியது மனுதாரரின் உள்நோக்கத்தை. அவர் கிணறு வைத்திருக்கிறாரா என்பதை அன்று. நிலமில்லாக் கூலிக்குக் கிணறு இல்லை, ஆனால் குடிநீர் போய்விடுகிறது.

என் பார்வையில் தகுதியைவிடக் கடினமான தடை காலம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரும் விண்ணப்பத்தை, காரணம் முதலில் எழுந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். மண்ணுக்குள் மெல்ல இறங்கும் குரோமியத்துக்கு அந்த நாட்காட்டி தெரியாது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலைப் பார்த்தவர்க்கு, கட்ட வேண்டியவர் போய்விட்ட பின்னும் தீங்கு இருந்துகொண்டே இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அங்கே மாசுபடுத்தியவரைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை; அறங்காவலர்தான் முதலில் கட்ட வேண்டும்.

வரி செலுத்துவோர் பணத்தில் ஆலைமுதலாளியின் கடனை அடைப்பதா என்பது இதற்கு எதிரான நேர்மையான கேள்வி. 2025 ஜனவரி 30 அன்று பாலாற்றுத் தோல் ஆலைகள் பற்றிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அளித்த விடை எனக்கு ஏற்புடையது: இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரங்களுக்குள் அரசு கொடுத்துவிட்டு, அதை ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும். அந்த இழப்பீட்டை ஆணையம் முதலில் நிர்ணயித்தது 2001-ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று.