இலவசக் கல்விக்கு 80 ஆண்டுகள்: காலைக் கூட்டச் செய்தி அறிக்கை

(2025 ஒக்டோபர் 1, புதன்கிழமை, காலை 7.40. பாடசாலை மண்டபம். மணி மூன்று முறை ஒலித்து அடங்கியதும் இரு வாசிப்பாளர்களும் ஒலிவாங்கியின் முன் வருகின்றனர்.)

முதல் வாசிப்பாளர்: மதிப்பிற்குரிய அதிபர் அவர்களே, பிரதி அதிபர்களே, ஆசிரியப் பெருந்தகைகளே, சக மாணவர்களே, அனைவருக்கும் காலை வணக்கம். வெள்ளவத்தையில் அமைந்துள்ள எமது பாடசாலையின் காலைக் கூட்டச் செய்தி அறிக்கை இது. இன்று ஒரே ஒரு விடயத்துக்கே இவ்வறிக்கையின் முழு நேரத்தையும் ஒதுக்கியுள்ளோம். முதலில் தலைப்புச் செய்திகள்.

இரண்டாம் வாசிப்பாளர்: இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து இன்றுடன் 80 ஆண்டுகள் நிறைவடைகின்றன.

முதல் வாசிப்பாளர்: அத்திட்டத்தை வெற்றிகரமாக நிறைவேற்றிய கல்வி அமைச்சர், இரண்டு ஆண்டுகளுக்குள் நடைபெற்ற பொதுத் தேர்தலில் தோல்வியுற்றார்.

இரண்டாம் வாசிப்பாளர்: தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பதற்கு மேலும் பல பத்தாண்டுகள் சென்றன.

முதல் வாசிப்பாளர்: பழைய பாடசாலைப் பொருட்களின் காட்சி இன்று எமது நூலகத்தில் நடைபெறுகிறது. இனிச் செய்திகள் விரிவாக.

(சிறு இடைவெளி.)

முதல் வாசிப்பாளர்: 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 1ஆம் திகதி, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்பதற்கான திட்டம் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டவுடன், அதற்கு முன்னர் எல்லாப் பாடசாலைகளிலும் பணம் அறவிடப்பட்டதாக நாம் எண்ணிவிடக் கூடாது. தமிழிலும் சிங்களத்திலும் கற்பித்த பாடசாலைகளில் அக்காலத்திலேயே பொதுவாகக் கட்டணம் அறவிடப்படவில்லை. கட்டணம் கேட்டவை ஆங்கிலப் பாடசாலைகளே. ஆயினும் அரசாங்க உத்தியோகம், நீதிமன்றம், மருத்துவம், உயர்கல்வி ஆகிய அனைத்தும் ஆங்கிலத்தின் வழியாகவே நடைபெற்றதால், சுயமொழிப் பாடசாலையில் கற்ற பிள்ளை எவ்வளவு திறமையுடையதாயினும் ஓர் எல்லைக்கு அப்பால் செல்ல முடியாதிருந்தது. தந்தையின் கையில் பணம் உள்ளதா என்பதே பிள்ளை எந்தப் பாடசாலைக்குச் செல்லும் என்பதைத் தீர்மானித்தது. 1945இல் மாறத் தொடங்கியது இந்த நிலைமையே.

இரண்டாம் வாசிப்பாளர்: இந்த மாற்றத்துக்கான வழி 1931இலேயே திறந்தது. டொனமூர் அரசியலமைப்பின் கீழ், 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் வாக்களிக்கும் உரிமையை அவ்வாண்டு பெற்றனர். எழுத்தறிவோ சொத்தோ இல்லாதவரின் வாக்கும் எண்ணப்படும் நிலை வந்தபின், அவர்களுடைய பிள்ளைகளின் கல்வியை அரசாங்க சபை உறுப்பினர்கள் புறக்கணிப்பது எளிதாக இருக்கவில்லை. அச்சபையின் கல்வி நிர்வாகக் குழுவின் தலைவராகவும் கல்வி அமைச்சராகவும் 1931 முதல் 1947 வரை பணியாற்றியவர், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள். 1884 ஒக்டோபர் 13இல் பிறந்து, அம்பலாங்கொடைக்கு அருகே ரந்தொம்பையில் வளர்ந்த அவர், காலி ரிச்மண்ட் கல்லூரியில் கற்க முடிந்ததே ஒரு புலமைப்பரிசிலின் துணையினாற்றான்.

முதல் வாசிப்பாளர்: அவருடைய தலைமையில் அமைந்த கல்விக்கான விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கல்வி கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும் என்பதும், ஆரம்பக் கல்வி தாய்மொழியிலேயே அமைய வேண்டும் என்பதும் அதன் முக்கிய பரிந்துரைகளாகும். தாய்மொழி பற்றிய பரிந்துரை கட்டணத்தைப் பற்றியதைவிடச் சிறியதன்று என்பது இவ்வறிக்கையைத் தயாரித்த மாணவர் குழுவின் கருத்தாகும். இன்று நாம் தமிழில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பதற்கான வேர்களுள் ஒன்று அதிலேயே உள்ளது.

இரண்டாம் வாசிப்பாளர்: அறிக்கை வெளியானவுடன் எதிர்ப்பும் எழுந்தது. இவ்வளவு செலவை நாடு தாங்குமா என்று சிலர் கேட்டனர். சமய நிறுவனங்கள் நடத்திய பாடசாலைகளின் முகாமையாளர்கள் பலர், கட்டணத்தைக் கைவிட்டால் தமது சுதந்திரமும் பறிபோகும் என அஞ்சினர். 1944இல் அரசாங்க சபையில் உரையாற்றிய கன்னங்கரா அவர்கள், உரோமை நகரைச் செங்கல்லாகப் பெற்றுப் பளிங்காக விட்டுச்சென்றதாகப் பெருமை கொண்ட அகஸ்டஸ் பேரரசரை நினைவுகூர்ந்து, செல்வந்தரின் சொத்தாக இருந்த கல்வியை ஏழைகளின் உரிமைச் சொத்தாக விட்டுச்செல்வது அதனினும் பெரிய பெருமையாகும் என்றார். விவாதங்களும் திருத்தங்களும் நீண்டன. திட்டம் நடைமுறைக்கு வந்தபோது அறிக்கை வெளியாகி இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

முதல் வாசிப்பாளர்: கிராமங்களில் அமைக்கப்பட்ட மத்திய பாடசாலைகளும் அவருடைய முயற்சியினால் உருவானவையே. வசதி குறைந்த திறமையான பிள்ளைகளைத் தெரிவுசெய்து, விடுதி வசதியுடன் அப்பாடசாலைகளில் கற்பிப்பதற்காகவே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் ஏற்பாடு தோன்றியது. இன்று கொழும்பில் அப்பரீட்சைக்காகப் பிள்ளைகள் மாலை ஏழு மணிவரை தனியார் வகுப்புகளில் அமர்ந்திருப்பதைக் காணும்போது, கட்டணமில்லாக் கல்விக்காகத் தோன்றிய பரீட்சைக்கே பெற்றோர் கட்டணம் செலுத்துகின்றனரே என்ற எண்ணம் எழுகிறது. இது செய்தியன்று, வாசிப்பாளரின் குறிப்பு மாத்திரமே.

(அவையில் சிரிப்பு எழுந்தால், அது அடங்கும்வரை காத்திருக்கவும்.)

இரண்டாம் வாசிப்பாளர்: 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மத்துகம தொகுதியில் போட்டியிட்ட கன்னங்கரா அவர்கள் தோல்வியுற்றார். 1969 செப்டெம்பர் 23இல் அவர் காலமானார். அவருடைய பதவிக்காலத்துக்குப் பின், 1960களின் தொடக்கத்தில், அரசின் நிதியுதவி பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் கீழ் வந்தன. 1980இல் இலவசப் பாடநூல்களும், 1993இல் இலவசச் சீருடைத் துணியும் வழங்கப்படத் தொடங்கின.

முதல் வாசிப்பாளர்: மலையகத்திலிருந்து ஒரு செய்தி. தோட்டப் பிள்ளைகளின் கல்வி நீண்டகாலம் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே இருந்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்புடன் படிப்பு முடிவு என்பதே பல தோட்டங்களின் நிலைமையாகும். அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயே ஆகும். எமது தரம் 9 மாணவர்கள் சென்ற வாரம் தத்தம் வீட்டு முதியவர்களிடம் செவ்வி கண்டபோது, ஹற்றனுக்கு அருகே பிறந்த ஒரு பாட்டியார், தாம் ஐந்தாம் வகுப்பை முடித்த மறுவாரமே கொழுந்துக் கூடையைச் சுமந்ததாகவும், தம்முடைய பேத்தி இவ்வாண்டு உயர்தரத்தில் உயிரியல் கற்பதாகவும் கூறினார். இரு தகவல்களையும் ஒரே மூச்சில் அவர் சொன்னதாகச் செவ்வி கண்ட மாணவி எழுதியுள்ளார்.

இரண்டாம் வாசிப்பாளர்: உள்ளூர்ச் செய்தி. மாணவர்களின் வீடுகளிலிருந்து சேகரிக்கப்பட்ட கற்பலகைகள், மைக்கூடுகள், பழைய பாடநூல்கள் ஆகியவை இன்று நூலகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள், ஓர் ஆங்கிலப் பாடசாலை வழங்கிய கட்டணப் பற்றுச்சீட்டும் அடங்கும். தொகை எழுதப்பட்ட இடத்தில் மை அழிந்துவிட்டது; 1944 யூலை என்ற திகதி மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ஆரம்பப் பிரிவு மாணவர்கள் இடைவேளைக்கு முன்னரும், ஏனையோர் இடைவேளைக்குப் பின்னரும் வகுப்பாசிரியருடன் வந்து பார்வையிடலாம். பற்றுச்சீட்டைக் கையால் தொட வேண்டாம் என நூலகப் பொறுப்பாசிரியர் கேட்டுக்கொள்கிறார்.

முதல் வாசிப்பாளர்: இன்று சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஆகையால், செவ்வி வழங்கிய முதியவர்கள் பத்து மணிக்கு எமது விருந்தினராக வருகை தருகின்றனர். வாயிலில் வரவேற்கும் மாணவத் தலைவர்கள் ஒன்பதே முக்கால் மணிக்கே அங்கு நிற்க வேண்டும். பிற்பகலில் மழை பெய்யக்கூடுமாதலால் குடைகளும் தயாராக இருக்கட்டும்.

இரண்டாம் வாசிப்பாளர்: இத்துடன் செய்தி அறிக்கை நிறைவடைகிறது. அடுத்ததாக அதிபர் அவர்களின் உரை.

(மணி ஒரு முறை ஒலிக்கிறது.)